பத்து ஃப்ரேம் பின்னால்

அவரை அலுவலகத்தில் எல்லோரும் 'பத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடுவோம். யார் எதைக் கேட்டாலும் "ஒரு பத்து ஃப்ரேம் பொறுங்க" என்பார். அதனால் வந்த பெயர். வீடியோவில் ஓடும் ஒற்றைப் படம்தான் ஃப்ரேம். அவர் வேலையில் நொடிக்கு இருபத்தைந்து. அப்படியானால் பத்து ஃப்ரேம் அரை நொடிகூட இல்லை. ஆனால் சாப்பிடக் கூப்பிட்டாலும் பத்து ஃப்ரேம், குளியலறைக் கதவைத் தட்டினாலும் பத்து ஃப்ரேம். அந்தப் பத்து முடிவதற்குள் சாப்பாடு ஆறி, தட்டும் காய்ந்து போயிருக்கும்.

வேலை என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அவருக்கு விளங்கவைக்க வராது. விளம்பரத்தின் கடைசியில் ஒரு கம்பெனியின் லோகோ வந்து நிற்கிறதல்லவா, அதை வந்து நிற்க வைப்பவர் அவர். "அதுக்கு ஒரு ஆளா?" என்று ஒரு சித்தப்பா கேட்டே விட்டார். ஆள்தான். லோகோ வந்து 'டொக்' என்று நின்றால் அது ஒட்டிய ஸ்டிக்கர். உயிரோடு வர வேண்டுமென்றால் கிளம்புமுன் கொஞ்சம் பின்வாங்க வேண்டும், கல்லெறிகிறவன் கையைப் பின்னால் கொண்டுபோகிற மாதிரி. பிறகு பாய வேண்டும். பாய்ந்த வேகத்தில் நிற்க வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிப்போய், அசடு வழிந்தபடி திரும்பி வந்து நிற்க வேண்டும். தாண்டிப் போவதற்கு ஓவர்ஷூட் என்று பெயர். பின்வாங்குவதற்கு அவர் தாமே வைத்த பெயர் 'மூச்சு'.

ஆரம்ப காலத்தில் இதையெல்லாம் எழுத்து எழுத்தாகத்தான் செய்தார். முப்பத்தோரு துண்டுகள் கொண்ட ஒரு பிஸ்கட் லோகோ. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் பின்வாங்கல், பாய்ச்சல், தாண்டல், நிற்றல். ஒரு வாரம் உட்கார்ந்து முடித்தார். வாடிக்கையாளர் பார்த்துவிட்டு, "பிரமாதம். கொஞ்சம் மெதுவா வந்தா நல்லா இருக்கும்" என்றார். அந்தக் 'கொஞ்சம்' முப்பத்தோரு துண்டுகளிலும் ஏற வேண்டும். அந்த வாரம் அவர் வீட்டில் யாரோடும் பேசவில்லை என்று அவர் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு நல் ஆப்ஜெக்ட் கைவந்தது. 'நல்' என்றால் ஆங்கிலத்தில் வெறுமை; அவருடைய மென்பொருளில் அது ஒரு வெற்றுக் கட்டம். வேலை செய்யும் திரையில் மெல்லிய கோடாகத் தெரியும், முடிந்த வீடியோவில் தெரியவே தெரியாது. லோகோவின் துண்டுகளையெல்லாம் அதற்குப் பிள்ளைகளாகக் கட்டிவிட்டால் போதும். கட்டம் நகர்ந்தால் எல்லாம் நகரும், கட்டம் பெருத்தால் எல்லாம் பெருக்கும். அசைவை எழுத வேண்டியது அந்த ஒன்றில் மட்டும்தான். யாராவது "கொஞ்சம் மெதுவா" என்றால் நாலு புள்ளிகளை இழுத்தால் தீர்ந்தது. கண்ணுக்குத் தெரியாமல் எல்லோரையும் தாங்குகிறது என்று இதை வைத்துத் தத்துவம் பேச அலுவலகத்தில் ஆள் உண்டு. பத்துவுக்கு அது பிடிக்காது. அது ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் என்பார்.

அவர் மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. தெருவே அவளை 'மெஷினம்மா' என்றது. தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவள். தைக்கத் தெரிந்தவர்கள் நிறைய, மிஷினுக்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்பவர்கள் குறைவு. பக்கத்து அறையில் இருந்தபடியே "அது பாபின்ல நூல் சிக்கியிருக்கு" என்பாள். பதினாறு வருடங்களாக வீட்டுக் கூடத்திலேயே கடை. சாப்பாட்டு மேஜையில் திருகுகள், நாற்காலிக்கடியில் பெல்ட்டுகள், எப்போதும் மிஷின் எண்ணெய் வாசனை. ஒரு தடவை அவர் குழம்பில் ஒரு ஸ்பிரிங்கைக் கண்டெடுத்துத் தட்டோரத்தில் வைத்தார். "அட, நேத்திலேர்ந்து தேடிட்டிருக்கேன்!" என்று அவள் வாரிக்கொண்டு போனாள்.

அவளைப் பார்த்த முதல் நாள் பத்துவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேருந்து நிறுத்தம். பேருந்து வந்து நின்றதும் எல்லோரும் முன்னால் முண்ட, ஒருத்தி மட்டும் ஓரடி பின்னால் போனாள். சரி, இந்தப் பெண்ணுக்கு இந்தப் பேருந்து இல்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்த நொடியில் ஒரே தாவலாகப் படியேறினாள். ஏறிய வேகத்தில் காலி இருக்கையைத் தாண்டி மூன்று வரிசை போய், ஒரு பெரியவரின் குடையில் முட்டி, மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதும் அப்படித்தான். "யோசிக்கணும்" என்று ஒரு மாதம் காணாமல் போனாள். பிறகு அவளே அவர் வீட்டுக்கு வந்து அவர் அம்மாவிடம் தேதியே குறித்துவிட்டாள்.

ஆனால் அந்த ஓரடிப் பின்வாங்கல் அவளுக்கு அவமானம். சின்ன வயதிலிருந்து "பயந்தாங்கொள்ளி" என்று கேட்டுக் கேட்டு அவளும் அதையே நம்பிவிட்டாள். கூடத்துக் கடையை விட்டுத் தெருவில் சொந்தமாக ஒரு கடை திறக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இடம் கிடைத்து, அலமாரி அடித்து, ஷட்டரும் போட்டாயிற்று. திறப்பு நாள் மட்டும் மூன்று முறை தள்ளிப்போனது. முதல் தடவை மழை வரும் போலிருந்தது, வரவில்லை. இரண்டாம் தடவை ஷட்டர் கிறீச்சிட்டது. மூன்றாவது தடவை காரணம் சொல்லக்கூட இல்லை. "அடுத்த மாசம் பாத்துக்கலாங்க" என்றாள், அவ்வளவுதான்.

நாலாவது நாள் குறித்தபோது அவளே சொன்னாள்: "இந்தத் தடவ ஏதாவது ஒண்ணு சறுக்குச்சுன்னா, நான் கூடத்துலயே இருந்துக்கறேன். அப்பறம் கேக்காதீங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

பத்துவால் செய்ய முடிந்தது ஒன்றுதான், அதையே செய்தார். கடையின் முகப்பில் வெள்ளைச் சுவர். அதில் உலோக எழுத்துகளால் பெயர்ப்பலகை, மொத்தம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இடது கோடியில் நின்ற வாக்கில் ஒரு ஊசி, அதையடுத்து கடையின் பெயர். திறப்பன்று மாலை இருட்டத் தொடங்கும்போது எதிர்ச்சாரியிலிருந்து புரொஜெக்டர் வெளிச்சத்தில் லோகோ பாய்ந்து வந்து, சரியாக அந்த உலோக எழுத்துகளின் மேலேயே படிந்து நிற்க வேண்டும். எழுத்து மின்ன வேண்டும், சுவரில் ஒரு விரல்கடை வெளிச்சம்கூடச் சிந்தக் கூடாது. இருபது வருடமாக ஊரார் கடைக்கெல்லாம் லோகோவைக் குதிக்க வைத்தவர். இது அவள் கடை.

நல் ஆப்ஜெக்டை ஊசி முனையில் வைத்தார். அங்கிருந்துதான் எல்லாம் முளைக்க வேண்டும். கட்டம் நூறு சதவீதத்தில் அசையாமல் நிற்கும் கடைசி ஃப்ரேமுக்குப் போய், ஊசியையும் எழுத்துகளையும் அதில் கட்டினார். பிறகு அசைவு. நாற்பது சதவீதத்தில் நிற்கும் லோகோ முப்பத்திரண்டுக்குச் சுருங்கும், அதுதான் மூச்சு. அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் நூற்றெட்டு. பிறகு நூறுக்கு இறங்கி அமரும். மூச்சுக்கு ஆறு ஃப்ரேம் கொடுத்துப் பார்த்தார், தும்மல் மாதிரி இருந்தது. பதினைந்து கொடுத்தார், தூங்கிவிட்டது. வேகத்தைக் காட்டும் வளைகோட்டை இழுத்து இழுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சரியாக அமைந்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. திரையில் அன்றைக்குப் பேருந்து ஏறியவள் நின்றாள்.

இதை அவர் அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தெரியாதவர் என்பதுதான் சரி.

திறப்பு நாள் மாலை ஐந்து மணிக்கே பத்துவும் மைத்துனனும் எதிர்ச்சாரியில் மேஜை போட்டுவிட்டார்கள். மைத்துனன் எலக்ட்ரீஷியன். நல்ல பையன்தான், ஆனால் வாய் ஓயாது. எதிர்க் கட்டடத்தின் நிழலில் சுவர் ஏற்கெனவே மங்கியிருந்தது. புரொஜெக்டரைப் போட்டதும் ஊசியும் எழுத்துகளும் கச்சிதமாகப் படிந்தன. ஆனால் வலது கோடியில், கடைசி எழுத்துக்கு அப்பால், ஒரு சின்ன உலோக நூல்கண்டு இருட்டாக நின்றது.

"இது எப்ப வந்துச்சு?" என்றார் பத்து.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "அக்காதான் போர்டு போடறவர்கிட்ட சொல்லி நேத்து வைக்கச் சொன்னாங்க மாமா. உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னாங்க. சர்ப்ரைஸாம்."

சர்ப்ரைஸ்தான். பத்து லேப்டாப்பைத் திறந்து, கடைசி ஃப்ரேமில் நின்று, நூல்கண்டை வரைந்தார். மைத்துனன் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஏணியில் ஏறி விளிம்பைக் காட்ட, "இன்னும் கொஞ்சம் இடது... போதும்" என்று இம்மி பிசகாமல் வெளிச்சத்தைப் பொருத்தினார்கள். அடுத்த தெருவில் வேலை என்று ஏணிக்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். நூல்கண்டைக் கட்டத்தில் கட்டுவது மட்டும் பாக்கி.

அப்போதுதான் மைத்துனன் கேட்டான்: "அது எப்படி மாமா, எழுத்து தாண்டிப் போய்த் திரும்பி வருது? ஒருதடவ காட்டுங்களேன்."

வேலையைப் பற்றி வீட்டார் யாராவது ஆசையாகக் கேட்பது பத்துவுக்கு அபூர்வம். மகிழ்ந்துபோய் ஓட்டிக் காட்டினார். "இதோ பாரு, மூச்சு... பாய்ச்சல்... இங்கதான் உச்சம். நூத்தெட்டு." உச்சத்தில் நிறுத்தி விளக்கினார். விளக்கிய சந்தோஷத்தில் அங்கேயே, அந்த ஃப்ரேமிலேயே, நூல்கண்டைக் கட்டத்தோடு கட்டிவிட்டார். முடிந்ததை வீடியோவாக மாற்றி எடுத்தார், மென்பொருளை மூடினார்.

ஆறு மணிக்கு மெஷினம்மா வந்தாள். புது உடை, விரல் நகத்தில் மட்டும் பழைய எண்ணெய்க் கறை. தெருவில் ஐம்பது அறுபது பேர் கூடிக்கொண்டிருந்தார்கள். பலருடைய மிஷினை அவள் ஒரு தடவையாவது திறந்து மூடியிருப்பாள். கூட்டம் முழுதாகச் சேருமுன் ஒரு ஒத்திகை பார்ப்போம் என்று பத்து பட்டனைத் தட்டினார்.

எழுத்துகள் சரியாக அமர்ந்தன. நூல்கண்டின் வெளிச்சம் மட்டும் ஒரு சாண் உள்ளே தள்ளி, கொஞ்சம் சிறுத்து, கடைசி எழுத்தின் மேல் கறை மாதிரி விழுந்து கிடந்தது. உலோக நூல்கண்டு இருட்டில் நின்றது.

அவள் முகம் சுண்டிப்போனது.

"என்னாலதான்," என்றாள். "நீங்க ஒழுங்கா செஞ்சு வச்சத நான்தான் கெடுத்தேன். யாரக் கேட்டு அத வைக்கச் சொன்னேன்?"

"இல்லம்மா, ஒரு பத்து ஃப்ரேம் பொறு..."

"வேண்டாங்க. நான்தான் சொன்னேன்ல, சறுக்குச்சுன்னா வேண்டாம்னு. எல்லாருக்கும் டீ குடுத்து அனுப்பிடலாம்." அவள் நடைபாதை விளிம்பிலிருந்து ஓரடி பின்னால் போனாள். சாவிக்கொத்தைத் தம்பியின் கையில் திணித்தாள்.

பத்து லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டார். இருபது வருடத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்கள் கத்தியிருக்கிறார்கள், அப்போதெல்லாம் பதறாதவர் இன்று பதறினார். மென்பொருளைத் திறந்தார். மூடித் திறந்ததால் செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அழிக்க வழியில்லை. கடைசி ஃப்ரேமில் நின்று நூல்கண்டைக் கட்டத்திலிருந்து அவிழ்த்தார். அது அசையவில்லை. தப்பான இடத்திலேயே சப்பென்று உட்கார்ந்திருந்தது. அவிழ்க்கும் நேரத்தில் எங்கே தெரிகிறதோ அங்கேயே அது தங்கும், அது அவருக்குத் தெரிந்த பாடம்தான். பதற்றத்தில் தெரிந்ததும் தெரியாமல் போகிறது. கையால் தள்ளிப் பொருத்தலாம். ஆனால் ஏணி போய்விட்டது, கண்ணளவில் வைத்தால் விளிம்பு சிந்தும்.

"மாமா," என்றான் மைத்துனன், முதல் முறையாகக் குரலைத் தணித்து. "ஓடும்போது ஒரு நொடி அந்த நூல்கண்டு சரியா அதும்மேல வந்துச்சு மாமா. நான் பாத்தேன். எல்லா எழுத்தும் வெளிய பாஞ்சிருந்தப்ப, அது மட்டும் இடத்துல இருந்துச்சு."

பத்து அவனை நிமிர்ந்து பார்த்தார். வாயோயாத அந்தப் பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

உச்சம். நூற்றெட்டு. அங்கேதான் கட்டியிருக்கிறார். கட்டம் பெருத்து நின்ற வேளையில் கட்டியதால், கட்டம் நூறுக்குச் சுருங்கும்போது நூல்கண்டும் அதனோடு சேர்ந்து ஊசிப் பக்கமாகச் சுருங்கிவிட்டது. கோளாறு நூல்கண்டில் இல்லை, வைத்த இடத்திலும் இல்லை. கட்டிய நேரத்தில்.

அவிழ்த்ததைத் திரும்பக் கட்டிய நிலைக்குக் கொண்டுவந்தார். உச்சத்து ஃப்ரேமுக்குப் போனார். அங்கே நூல்கண்டு தன் உலோகத்தின் மேல் இம்மி பிசகாமல் இருந்தது. அங்கேயே அவிழ்த்தார். இனி கட்டம் எப்படி ஆடினாலும் அது நகராது. கடைசி ஃப்ரேமுக்கு வந்தார். எல்லாம் நூறில் அமைதியாக நின்றிருந்தன. அங்கே நின்று திரும்பக் கட்டினார். ஒரு புள்ளியையும் தொடவில்லை, ஒரு வளைகோட்டையும் திருத்தவில்லை.

"இங்க வா," என்று அவளைக் கூப்பிட்டார். அவர் அவளைப் பொதுவில் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவள் வந்தாள். "தப்பு உன்னுது இல்ல, என்னுது. நிக்கற இடத்துல கட்ட வேண்டியத பாயற இடத்துல கட்டிட்டேன். இப்ப சரியாயிடுச்சு. ஒரே ஒரு தடவ பாரு. பாத்துட்டு நீ வீட்டுக்குப் போகலாம்னா, நானும் வரேன். கூடத்துலயே இருப்போம். ஸ்பிரிங்கோட குழம்பு சாப்பிடறேன், எனக்கு ஒண்ணுமில்ல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் போகவில்லை.

வீடியோ தயாராக ஒரு நிமிடம் ஆனது. இதற்குள் கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. பத்து தட்டினார்.

இருண்ட சுவரில், ஊசி முனையருகே, பலகையில் பாதிகூட இல்லாத வெளிச்சமாகக் கடையின் பெயர் முளைத்தது. நின்றது. பிறகு மெல்லச் சுருங்கிப் பின்வாங்கியது.

"அய்யோ, போச்சு," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "வரலபோல" என்றது இன்னொன்று.

மெஷினம்மா அதைப் பார்த்தாள். பார்த்தபடியே, தன்னையறியாமல், ஓரடி பின்னால் வைத்தாள். வைத்த காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

வெளிச்சம் பாய்ந்தது. எழுத்துகள் சுவர் முழுக்க விரிந்து, பலகையைத் தாண்டி, பக்கத்துக் கடை ஷட்டரில் ஒரு சாண் வழிந்து, யாரோ "ஹே!" என்று கத்துவதற்குள் திரும்பி வந்து உலோகத்தின் மேல் அமர்ந்தன. ஊசி மின்னியது. எழுத்துகள் மின்னின. வலது கோடியில் நூல்கண்டு விளிம்புவரை நிறைந்து மின்னியது. சுவரில் ஒரு பொட்டு வெளிச்சம் சிந்தவில்லை.

கூட்டம் கைதட்டியது. அவள் தட்டவில்லை. அவரருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்: "பஸ் ஸ்டாப்பா?"

அவர் தலையசைத்தார். கண் கலங்கியிருந்ததை மறைக்க லேப்டாப் வயரைச் சரிசெய்வது போல் குனிந்தார். வயர் நன்றாகத்தான் இருந்தது.

"இத்தன வருஷமா நான் பயந்து பின்னால போறேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"பின்னால போகாம பாய முடியாது," என்றார். "நான் ட்ரை பண்ணிப் பாத்திருக்கேன். ஸ்டிக்கர் மாதிரி இருக்கும்."

"அந்த நூல்கண்டு ஏன்னு கேக்கலயே நீங்க?"

"ஏன்?"

"ஊசி அந்தக் கோடியில தனியா நிக்குதேன்னு பாவமா இருந்துச்சு. துணைக்கு உங்கள வச்சேன்." சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. தம்பியின் கையிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கினாள்.

தெருவைக் கடக்கப் போனவள் நின்று திரும்பினாள். "எத்தன ஃப்ரேம் பின்னால போகுது அது?"

"பத்து," என்றார்.

அவள் சிரித்தாள். ஓரடி பின்னால் வைத்தாள், இந்த முறை வேண்டுமென்றே, எல்லோரும் பார்க்க. பிறகு ஒரே ஓட்டமாகத் தெருவைக் கடந்து, பூட்டைத் திறந்து, தம்பி வந்து கை கொடுக்குமுன் ஷட்டரைத் தானே மேலே தள்ளி, இரண்டு படியையும் ஒரே தாவலில் ஏறி, கல்லாமேஜையைத் தாண்டிப்போய்ப் பின்சுவர் அலமாரியில் முட்டிக்கொண்டாள். உள்ளே பாபின் டப்பா ஒன்று கவிழ்ந்து உருளும் சத்தம் கேட்டது. பிறகு முழங்கையைத் தேய்த்தபடி திரும்பி வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.